பிம்பம் எங்கே அமைகிறது?

ஆய்வகத்து நுண்ணோக்கியின் கண்ணருகு லென்சைக் கழற்றிப் பார்த்தால் 10X என்று பொறித்திருக்கும். பொருளருகு லென்சும் 10 என்றால், மொத்த உருப்பெருக்கம் 100 என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். அது சரிதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கடைசிப் பிம்பம் முடிவிலியில் அமைந்திருக்க வேண்டும்.

பொருளருகு லென்சு, வெங்காயத் தோலின் செல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கி, குழாய்க்குள் தலைகீழ் மெய்ப்பிம்பமாக நிறுத்துகிறது. கண்ணருகு லென்சு அதை உருப்பெருக்கிக் கண்ணாடிபோல் காட்டுகிறது. இதன் குவியத் தூரம் 2.5 செ.மீ. கண் சிரமமின்றித் தெளிவாகப் பார்க்கும் மிகக் குறைந்த தொலைவு 25 செ.மீ. என்று கொள்வது வழக்கம். 25-ஐ 2.5-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 10. அப்போது உள்பிம்பம் சரியாகக் குவியத்தில் இருக்கும். கதிர்கள் இணையாக வெளியேறும். கண் தளர்வாக இருக்கும்.

கடைசிப் பிம்பத்தை 25 செ.மீ. தொலைவுக்கு, அதாவது அண்மைப் புள்ளிக்கு, கொண்டுவந்தால் கணக்கு மாறுகிறது. உள்பிம்பம் கண்ணருகு லென்சிலிருந்து 2.27 செ.மீ. தொலைவுக்கு நெருங்குகிறது. நெருங்கிய பொருள் கண்ணில் பெரிய கோணத்தை உண்டாக்கும் அல்லவா? கண்ணருகு லென்சின் பங்கு 10-லிருந்து 11 ஆகிறது. மொத்தம் 110-ஐச் சற்றே தாண்டும். இதற்கு நுண்திருகால் மேடையை உயர்த்த வேண்டிய அளவு சுமார் 0.02 மில்லிமீட்டர்தான். அதனால்தான் பார்ப்பவருக்கே தெரியாமல் இந்த மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது.

வானியல் தொலைநோக்கியில் மாற்றம் கையிலேயே தெரியும். பொருளருகு லென்சின் குவியத் தூரம் 100 செ.மீ., கண்ணருகு லென்சுக்கு 5 செ.மீ. என்று கொள்வோம். பிம்பம் முடிவிலியில் அமைந்தால் உருப்பெருக்கம் 20, லென்சுகளின் இடைவெளி 105 செ.மீ. வானில் அரை டிகிரி அகலமுள்ள நிலா 10 டிகிரியாக விரியும். கண்ணருகு லென்சை 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் பிம்பம் அண்மைப் புள்ளிக்கு வரும். உருப்பெருக்கம் 24, நிலா 12 டிகிரி.

நுண்ணோக்கியில் 10 சதவீதம், இங்கே 20 சதவீதம். இரண்டுக்கும் விதி ஒன்றே: கண்ணருகு லென்சின் குவியத் தூரத்தை 25-ஆல் வகுத்தால் கிடைக்கும் பின்னமே கூடுதல் லாபம். ஆகவே வலுவான, அதாவது குறைந்த குவியத் தூரமுள்ள கண்ணருகு லென்சில் இந்த லாபம் சுருங்கிவிடும்.

லாபம் கிடைத்தாலும் புதிய நுணுக்கம் எதுவும் தெரியாது. அதைத் தீர்மானிப்பது பொருளருகு லென்சு. இருக்கும் விவரமே சற்றுப் பெரிதாகிறது. விலையோ கண்ணுக்கு: உள்ளே இருக்கும் தசை இடைவிடாமல் இறுகியே இருக்க வேண்டும். இளம் கண்கள் தாமாகவே இப்படி இறுகிக்கொள்வதுண்டு. நீண்ட நேரம் பார்த்தபின் கண் வலித்தால் அதுவே அடையாளம்.

முதலில் சன்னல் வழியே தொலைவிலுள்ள மரத்தைப் பாருங்கள். அதே தளர்ச்சியோடு, இரு கண்களையும் திறந்தபடி நுண்ணோக்கியில் பார்த்துத் திருகைச் சரிசெய்யுங்கள்.