அம்மா வரும்வரை ஒரு பரமபதம்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சென்னை மையங்களுக்கு டிசம்பர் வரை சோதனைக்காலம்தான். மற்ற நாட்களில் மொட்டைமாடியோ தெருமுனைப் பூங்காவோ கைகொடுக்கும். மழை நாளில் நாலரை வயது வாண்டும் பதினொரு வயது 'பெரிய அண்ணா'வும் ஒரே ஹாலுக்குள். டிவியைப் போட்டுவிடலாம், ஆனால் சின்னதுக்குப் பிடித்த கார்ட்டூனில் பெரியவனுக்குக் கொட்டாவி வரும், ரிமோட்டுக்குச் சண்டை வரும்.

இந்தக் கலவையான கூட்டத்தில் எந்த விளையாட்டையும் கெடுப்பது காத்திருப்புதான். 12 பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு 20 விநாடி எடுத்துக்கொண்டால்கூட அடுத்த முறை வர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகும். "மிஸ், என் டர்ன் எப்ப?" என்ற கேள்வி இரண்டு முறை வந்துவிட்டால், மூன்றாவது முறை கேள்வி வராது, பக்கத்துப் பிள்ளையின் முதுகில் அடி விழும். ஆகவே சின்னவர் ஒருவர், பெரியவர் ஒருவர் என்று ஆறு ஜோடியாகப் பிரித்து, மூன்று ஜோடிக்கு ஓர் ஆட்டம், மற்ற மூன்றுக்கு வேறோர் ஆட்டம் என்று கொடுத்தால் காத்திருப்பு முக்கால் நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 20 நிமிடம் கழித்து இடம் மாற்றலாம்.

முதல் ஆட்டம் தரையில் பரமபதம். பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்த உடம்புக்கு முதலில் அசைவு வேண்டும். பல ஹால்களில் தரையில் இருப்பது இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ். கட்டம் போடும் வேலை மிச்சம். நான்குக்கு ஐந்து என்று 20 கட்டம் போதும். நூறு கட்டம் வைத்தால் ஆட்டம் முடிவதற்குள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஈரத்தில் சாக்பீஸ் நிற்காது, அதனால் எண்ணையும் பாம்பையும் ஏணியையும் இன்சுலேஷன் டேப்பில் ஒட்டிவிட வேண்டும். ஈரக்கால் டைல்ஸில் வழுக்கும். எல்லோரும் காலைத் துடைத்த பிறகே ஆட்டம்.

சின்னவர்தான் காய்; கட்டத்தில் நடப்பவர் அவரே. அட்டைப்பெட்டியில் செய்த இரண்டு பகடைகளை உருட்டுவதும் அவரே. எத்தனை கட்டம் நகர்வது என்று முடிவெடுப்பவர் பெரியவர்: இரண்டு எண்ணில் ஏதாவது ஒன்று, அல்லது இரண்டின் வித்தியாசம். காய் 9-இல் நிற்கிறது, 13-இல் பாம்பு, 11-இல் ஏணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-ம் 6-ம் விழுகின்றன. நாலு நடந்தால் பாம்பு வாய். ஆறு நடந்தால் 15. வித்தியாசமான இரண்டு நடந்தால் ஏணி! வெறும் அதிர்ஷ்ட ஆட்டத்தைச் "சின்னப் பசங்க கேம்" என்று ஒதுக்கும் பதினொரு வயதுக்காரருக்கும் இப்போது யோசிக்க வேலை இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: 19-இல் பாம்பு வேண்டாம். ஐந்து வயதுக்கு அது ஆட்டமில்லை, அநியாயம்.

இரண்டாவது ஆட்டம் பல்லாங்குழி. பலகை இல்லாவிட்டால் 30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் இரண்டு வரிசையை வெட்டிக்கொள்ளலாம். பலகையில் பக்கத்துக்கு 7 குழி, இதில் 6, ஆட்டம் கெடாது. குழிக்கு 5 என்று 60 புளியங்கொட்டை. தன் பக்கக் குழி ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்வதோடு முறை முடியும். நாலு சேர்ந்த குழி 'பசு'. அது அந்தப் பக்கத்துக்காரருக்கு. இங்கும் கொட்டையைப் போடுவது சின்னவர் கை; எண்ணிக்கை பழகிவிடும். எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிக் கணக்குப் போடுவது பெரியவர் வேலை.

பெரியவரின் விரல் குழிக்குள் நுழைந்தால் ஜோடி குலைகிறது என்று அர்த்தம். சின்னவர் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். "வாயால சொல்லு, கையால தொடாதே" என்று பெரியவருக்கு விதி வைத்துவிடுவது நல்லது. ஆட்டம் முடிந்ததும் 60 கொட்டையும் எண்ணித் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் யார் மூக்கில், யார் காதில் என்று உடனே பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் அறையில் கொட்டையே வேண்டாம்.

மாலை ஐந்தரைக்கு மேல் பெற்றோர் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். பாதி ஆட்டத்தில் ஜோடி உடைந்தால் மிஞ்சியவர் முகம் தொங்கிப்போகும். எனவே அந்த நேரத்துக்கு வெற்றி தோல்வி இல்லாத வேலைதான் சரி. டெலிவரியில் வந்த அட்டைப்பெட்டிகளை வைத்து ஒரு தெருவே கட்டலாம். கத்தரி பிடிப்பது எட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்; காகிதம் கிழிப்பதும் கிரேயானில் கடைப் பெயர்ப்பலகை தீட்டுவதும் மற்றவர்கள். மழையில் ஃபெவிகால் லேசில் காயாது, பெயின்ட்டும் அப்படியே. செல்லோடேப்பும் நூலும்தான் நம்பகம். யார் எப்போது கிளம்பினாலும் தெரு நிற்கும். மறுநாளும் மழை என்றால் விட்ட இடத்தில் இன்னொரு கடை திறக்கலாம்.