அடுக்குமாடிச் சங்கத்தின் மாத அறிக்கை: எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் மாதந்தோறும் லிஃப்ட் அருகே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும்: பராமரிப்புக் கட்டண வரவு செலவு, பழுதுபார்ப்பு வேலைகள், வரவிருக்கும் நிகழ்ச்சிகள். அதையே பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவிலும் போடுவார்கள். மூன்றில் கவனமாக எழுதப்பட வேண்டியதும் கவனமாகப் படிக்கப்பட வேண்டியதும் முதல் பகுதிதான். அதில் ‘இந்த மாத வசூல்’ என்று ஒரே தொகையைப் போட்டு முடித்துவிடுவது பல சங்கங்களின் வழக்கம். அந்த ஒரு தொகை எவ்வளவு மறைக்கும் என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

சென்னையில் 24 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 12 வீடுகள் 800 சதுர அடி, 12 வீடுகள் 1,100 சதுர அடி. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 2 ரூபாய் 50 காசு. சிறிய வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய், பெரிய வீட்டுக்கு 2,750 ரூபாய். எல்லோரும் கட்டினால் மாதம் 57,000 ரூபாய் வர வேண்டும். ஏப்ரல் மாதம் வங்கிக் கணக்கில் வந்தது 60,250 ரூபாய். தாளில் இந்தத் தொகை மட்டும் இருந்தால், எல்லோரும் கட்டிவிட்டார்கள், மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பிரித்துப் பார்த்தால் கதை வேறு. அந்த மாதக் கட்டணத்தைக் கட்டியவை 18 வீடுகள்தான். சிறியதில் 9, பெரியதில் 9. அந்த வகையில் வந்தது 42,750 ரூபாய். ஒரு பெரிய வீட்டார் இரண்டு மாதப் பழைய பாக்கியான 5,500 ரூபாயைத் தீர்த்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சிறிய வீட்டின் உரிமையாளர், மே முதல் ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாயை முன்பணமாக அனுப்பியிருக்கிறார். மூன்றும் சேர்ந்துதான் 60,250. ஆறு வீடுகள் ஏப்ரலுக்குக் கட்டவில்லை. அவற்றின் பாக்கி 14,250 ரூபாய். அதனால் வரவுப் பகுதியில் வர வேண்டியது, இந்த மாதக் கட்டணமாக வந்தது, பழைய பாக்கியில் வந்தது, முன்பணம், இன்னும் வராதது ஆகிய ஐந்துக்கும் தனித்தனி வரி வேண்டும்.

ஆறாவதாக ஒரு வரியும் தேவைப்படுவதுண்டு: ‘யாருடையது என்று தெரியாத வரவு’. ஜிபே, வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பணம் அனுப்புபவர் பலர் வீட்டு எண்ணைக் குறிப்பிடுவதில்லை. வாடகைக்கு இருப்பவர் பணத்தை அவருடைய தம்பி அனுப்பினால், வங்கிக் கணக்கில் சங்கத்தார் கேள்விப்படாத ஒரு பெயர் வரும். பொருளாளர் அதை ஊகித்து ஏதோ ஒரு வீட்டின் பேரில் வரவு வைத்தால், கட்டியவர் பாக்கிக்காரராகிவிடுவார். தொகையையும் தேதியையும் தாளில் போட்டுக் கேட்டுவிடுவதே சரி. பாக்கிப் பட்டியலும் அப்படித்தான்: வீட்டு எண், எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்பது போதும். பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுவதால் பணம் வருவதைவிடப் பகை வருவதே அதிகம்.

செலவுப் பக்கத்தில் அதே மாதம்: இரண்டு வாட்ச்மேன்களுக்குச் சம்பளம் 30,000 ரூபாய், துப்புரவுக்கு 7,000, பொதுப் பயன்பாட்டு மின்கட்டணம் 11,400, லாரித் தண்ணீர் 4,800, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியது 6,500. மொத்தம் 59,700 ரூபாய். மாத ஆரம்பத்தில் இருந்த இருப்பு 41,200. வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் மாத முடிவில் 41,750 ரூபாய் இருக்கிறது. இருப்பு 550 ரூபாய் கூடியிருப்பதாகத் தெரிகிறது. அதில் 12,000 ரூபாய் வரும் மாதங்களுக்கான முன்பணம். அதை ஒதுக்கிவிட்டால் கைக்கு உதவுவது 29,750 ரூபாய்தான். உண்மையில் அந்த மாதம் சங்கத்தின் நிலை இறங்கியிருக்கிறது.

மின்கட்டணத்தில் இன்னொரு சங்கதி உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கும் குடியிருப்பின் பொதுப் பயன்பாட்டுக்கும் மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வழக்கம் உள்ளது. அதனால் பில் கட்டாத மாதம் பணம் மிஞ்சுவது போலவும், கட்டும் மாதம் துண்டு விழுவது போலவும் தாள் மாறி மாறிக் காட்டும். பில் வராத மாதத்திலேயே பாதித் தொகையை ஒதுக்கிவைத்ததாகக் காட்டினால் இந்த ஏற்ற இறக்கம் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை கட்டும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத் தொகைக்கும் இதுவே வழி: 36,000 ரூபாய் என்றால் மாதம் 3,000 ஒதுக்க வேண்டும். வெள்ளையடிப்பு போன்ற பெரிய வேலைகளுக்கு உரிமையாளர்கள் கொடுத்துவைத்த கார்ப்பஸ் நிதியை இந்தக் கணக்கோடு கலக்கவே கூடாது. மாதச் செலவுக்கு அதிலிருந்து எடுத்திருந்தால், எடுத்ததையும் திருப்பி வைக்கும் தேதியையும் எழுதியாக வேண்டும்.

பழுதுபார்ப்புப் பகுதியின் பெரிய குறை, போன மாதம் இருந்த வேலை இந்த மாதத் தாளில் காணாமல் போவது. முடிந்ததா, கைவிடப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் கொடுத்து, ‘முடிந்தது’ என்று எழுதும்வரை மாதாமாதம் அதைத் தொடர்ந்து போட்டுவந்தால் இது நேராது. யார் செலவு என்பதும் அங்கேயே தெரிய வேண்டும். மொட்டை மாடித் தளத்தில் விரிசல் விட்டு மேல்தள வீட்டுக் கூரை கசிந்தால் அது பொதுச் செலவு. இரண்டாம் மாடிக் குளியலறைத் தரை வழியாக முதல் மாடி வீட்டுக் கூரை ஒழுகினால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு வழக்கமாக மேல்வீட்டாருடையது. இந்த இரண்டையும் ‘லீக்கேஜ் வேலை’ என்று ஒரே வரியில் எழுதினால் சண்டை நிச்சயம். பல மாதச் சங்கச் சண்டைகள் இந்த ஒரு வரியில் தொடங்குகின்றன.

வேலையால் வரும் தடங்கலைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். ‘மேல்நிலைத் தொட்டி கழுவப்படும், தண்ணீர் வராது’ என்பது அரைகுறை அறிவிப்பு. ‘ஞாயிறு காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஏ பிளாக்கில் தண்ணீர் வராது, முதலில் வரும் கலங்கல் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம்’ என்பது முழு அறிவிப்பு. செப்டம்பர் மாதத் தாளில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டை மாடி வடிகுழாய் வாய்களையும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளையும் தூர் வாரும் தேதி இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படுவதாக இருந்தால், எந்திர வண்டிதான் வருகிறது என்பதை எழுதுவது அவசியம். பாதுகாப்பு ஏற்பாடு இன்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவர்களுக்குச் சிறைத் தண்டனை உண்டு. ஒரு உயிர் போகும் விஷயம் என்பதால் இதில் சங்கம் துளியும் அசட்டையாக இருக்கக் கூடாது.

நிகழ்ச்சிப் பகுதியைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள்; எழுதுவதும் எளிது. பொங்கல் கோலப் போட்டி, நவராத்திரி கொலு, மொட்டை மாடியை யார் எந்த நாளுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பவை தேதி, நேரம், பொறுப்பாளரின் வீட்டு எண்ணோடு இருந்தால் போதும். விழாவுக்கு வசூலித்த பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். பராமரிப்புப் பணம் விழாவுக்குப் போனால் விழாவில் கலந்துகொள்ளாத வீட்டார் கேட்பது நியாயமே. ஆண்டுப் பொதுக்குழு மட்டும் சாதாரண நிகழ்ச்சி அல்ல. சங்க விதிகளில் சொல்லியிருக்கும் நாள் கணக்குப்படி முன்கூட்டியே, என்னென்ன பேசப்படும் என்ற பட்டியலோடு அதற்குத் தனி அறிவிப்புத் தர வேண்டும்.

தாளின் அடியில் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஒரு பிரதியைக் கோப்பில் வைக்க வேண்டும். பொதுக்குழுவுக்குத் தணிக்கையாளர் அறிக்கை வரும்போது, மார்ச் மாதத் தாளின் இறுதி இருப்பையும் அறிக்கையில் உள்ள வங்கி இருப்பையும் எந்த உறுப்பினரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பொருந்தவில்லை என்றால், கணக்கை ஏற்கும் தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள்.