கல்லுக்கு அல்ல, கரித்துண்டுக்கே வயது

மண்ணுக்குள் மட்டக்களப்பு – 7

வாவியை விட்டு வடக்கே, வாகரையைத் தாண்டி வெருகல் போகும் வழியில் இருக்கிறது கதிரவெளி. பெருங்கற்கால ஈமச்சின்னங்களால் தொல்லியல் நூல்களில் இடம்பெற்ற ஊர். பலகைக் கற்களைச் செங்குத்தாக நட்டுப் பெட்டிபோல் அமைத்து, மேலே மூடுகல் இட்டால் அது கற்பதுக்கை. அதைப் பார்ப்பவர் முதலில் கேட்பது, “இது எத்தனை வருசம் பழசு?” என்பதுதான்.

கல்லைச் சோதித்தால் பாறை உருவான காலம்தான் தெரியும். கல்லறை கட்டிய காலம் அறிய, உள்ளே வைத்ததைத்தான் தேட வேண்டும். அதற்கும் முன்னால், எதையும் அசைக்காமல் வரைபடம் எழுதுவார்கள்: ஒவ்வொரு பலகையின் நீளம், தடிப்பு, அது நோக்கும் திசை. பிறகு மண்ணை அடுக்கடுக்காக நீக்கிச் சலிப்பார்கள். மூடுகல் விலகி, உள்மண் தளர்ந்து, ஒரே தாழியின் உடைசல்கள் மேலும் கீழும் சிதறிக் கிடந்தால், யாரோ முன்பே தோண்டியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே கிடைக்கும் கரித்துண்டை நம்ப முடியாது.

கலையாத கல்லறையிலும் சிக்கல் உண்டு. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் பெரிய கற்பதுக்கை இடுகாடு ஒன்று அகழப்பட்டது. எரித்த எலும்பும் சாம்பலும் இட்ட தாழிகள், கருப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள் கிடைத்தன. கரிமக் கணிப்பு அதன் காலத்தை ஏறத்தாழ கி.மு. 700 முதல் 400 வரை என்று காட்டியது.

ஏன் இவ்வளவு அகலமான இடைவெளி? கரிமம்-14 தேய்வதை வைத்து ஆய்வுகூடம் தரும் எண்ணை, மரவளையங்களோடு ஒப்பிட்டு நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். கி.மு. 800க்கும் 400க்கும் இடையே அந்த ஒப்பீட்டுக் கோடு கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கிறது. ஆய்வுகூடம் 2450 என்று சொன்னால், அது கி.மு. 750 ஆகவும் இருக்கலாம், 410 ஆகவும் இருக்கலாம். பாட்டனின் கல்லறையையும் பேரனின் கல்லறையையும் ஒரே மாதிரியை வைத்துப் பிரித்தறிய முடியாது.

இன்னொன்று, விறகு. முதிர்ந்த பாலை மரத்தின் உள்வயிரம் எரிந்த கரி, சிதை மூட்டிய நாளைவிட ஒரு நூற்றாண்டு கூடுதலாகவே வயது காட்டலாம். கருகிய ஒரு நெல்மணியோ ஒரே பருவத்தில் விளைந்தது. ஆகவே ஆய்வாளர் நெல்மணியைத் தேடுகிறார். பல மாதிரிகளை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணடுக்குகளின் வரிசையோடு சேர்த்துக் கணிக்கிறார். மட்கலங்களின் வடிவ மாற்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அப்போதுதான் இடைவெளி சுருங்கும்.

இத்தனையும் மூடுகல்லின் கீழுள்ள ஒரு கைப்பிடி மண்ணில் தங்கியிருக்கிறது. உங்கள் காணியில் இப்படிப் பலகைக் கற்கள் தென்பட்டால், வரம்புக்கோ படிக்கோ பெயர்க்காதீர்கள். தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெயர்த்த கல்லைத் திரும்ப நட்டுவிடலாம். கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது.