மருத்துவமனை பில்லில் முரண்பாடு: மேலதிகாரியிடம் ஊழியர் எழுப்புவது எப்படி?

புதுதில்லி: மருத்துவமனையின் காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவில் பணியாற்றும் ஒருவர், நோயாளி பெறாத சிகிச்சைக்கு அரசிடம் பணம் கோரப்படுவதாகச் சந்தேகிக்கிறார். மௌனம் காத்தால் தவறில் அவருக்கும் பங்கு வந்துவிடும். ஆதாரமின்றிக் குற்றம் சாட்டினால் வேலையும் பறிபோகலாம், உண்மையும் மறைக்கப்படலாம். இந்த இரண்டுக்கும் இடையிலான வழி என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடந்த 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லா மருத்துவமனை சிகிச்சை அளிக்கிறது. இத்திட்டத்தில் ஏற்கெனவே உயிரிழந்ததாகப் பதிவான நோயாளிகளின் பெயரிலும் தொகை வழங்கப்பட்டிருப்பதை, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கலான மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை சுட்டிக்காட்டியது. இத்தகைய பதிவுகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஓர் ஊழியரின் கணினி வழியாகவே சென்றிருக்கும்.

முரண்பாடு எங்கே தெரியும்?

அறுவை சிகிச்சை அல்லாத மருத்துவச் சிகிச்சைகளில், படுக்கையின் வகையைப் பொறுத்து நாளொன்றுக்கான தொகை மாறும். பொதுப் பிரிவைவிடத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தொகை பல மடங்கு அதிகம். எனவே, பொதுப் பிரிவில் இருந்தவரைத் தீவிர சிகிச்சையில் இருந்ததாகக் காட்டுவது முறைகேட்டின் அறியப்பட்ட வடிவங்களில் ஒன்றாகும்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோரிக்கைப் பிரிவு ஊழியர் ஒருவர் ஒரு மாதத்தில் 60 கோப்புகளைக் கையாள்கிறார். அவற்றில் 7 கோப்புகளில், பில்லில் 2 நாள் தீவிர சிகிச்சை என்று இருக்க, பொதுப் பிரிவுச் செவிலியர் குறிப்புகளோ நோயாளி முழு நேரமும் அங்கேயே இருந்ததாகக் கூறுகின்றன. கணக்கு எளிதாக இருக்க, பொதுப் பிரிவுக்கு நாளொன்றுக்கு ரூ.2,000, தீவிர சிகிச்சைக்கு ரூ.8,000 என்று கொள்வோம். ஒரு கோப்புக்கு வித்தியாசம் ரூ.12,000. ஏழு கோப்புகளுக்கு ரூ.84,000.

முதலில் தவறான விளக்கத்தை நீக்க வேண்டும்

இந்த இடத்திலேயே 'மோசடி' என்ற சொல்லைப் பயன்படுத்துவது பிழை. இரவில் நோயாளியை அவசரமாகத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டு, பொதுப் பிரிவுப் பதிவேட்டைத் திருத்த மறந்திருக்கலாம். பழைய கோப்பின் படிவத்தை நகலெடுத்தபோது படுக்கை வகையை மாற்றாமல் விட்டிருக்கலாம்.

ஆகவே, தம் பணிக்கு உட்பட்டுப் பார்க்க அனுமதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவின் சேர்க்கைப் பதிவேட்டை அவர் ஒப்பிடுகிறார். ஏழில் இரண்டு நோயாளிகள் அங்கே உண்மையிலேயே அனுமதிக்கப்பட்டிருந்தது தெரிகிறது. எஞ்சியவை 5 கோப்புகள், ரூ.60,000. முதலிலேயே ஏழு என்று எழுதியிருந்தால், அந்த இரண்டைக் காட்டியே முழுப் புகாரையும் தள்ளிவிட்டிருப்பார்கள்.

ஆவணங்களை வீட்டுக்குக் கொண்டு செல்லலாமா?

பலர் தவறுவது இங்கேதான். நோயாளியின் பதிவுகளைக் கைபேசியில் படமெடுப்பதும், தனிப்பட்ட மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் ஆதாரத்தைக் காப்பதாகத் தோன்றும். ஆனால் அது நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகும். புகாரை ஒதுக்கிவிட்டு, 'ரகசியத் தகவலைத் திருடியவர்' என்று ஊழியர் மீதே நடவடிக்கை எடுக்கவும் அது வழிவிடும்.

அசல் ஆவணம் எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டாலே போதும். கோரிக்கை எண், பார்த்த தேதி, நேரம், இரு ஆவணங்களும் என்ன சொல்கின்றன என்பதை நோயாளியின் பெயரின்றி ஒரு குறிப்பேட்டில் அன்றன்றே எழுதலாம். பின்னாளில் நினைவிலிருந்து எழுதியதைவிட, அன்றைய தேதியிட்ட குறிப்புக்கு மதிப்பு அதிகம். யார், எப்போது பதிவை மாற்றினார் என்ற விவரம் பெரும்பாலும் மென்பொருளிலேயே பதிவாகும். அதை அழியாமல் காக்கும்படி எழுத்தில் கோருவதே சரியான வழி.

மற்றொன்று, கடவுச்சொல். பிரிவில் எல்லோரும் ஒரே பயனர் கணக்கில் நுழையும் வழக்கம் இருந்தால், தவறான கோரிக்கை யாருடைய பெயரில் சென்றது என்பதே பின்னர் வழக்காகும். தம் கணக்கைப் பிறருக்குத் தராதிருப்பது அடிப்படைப் பாதுகாப்பு.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் நேரில் பேசி, அன்றே அலுவலக மின்னஞ்சலில் அதை உறுதிப்படுத்துவது நல்லது. நேரடி மேலதிகாரியே அப்பதிவுகளுக்குப் பொறுப்பானவர் என்றால், மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ உள் தணிக்கைப் பிரிவுக்கோ எழுதலாம். வாசகம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, இன்று காலை தங்களிடம் தெரிவித்தபடி, கீழ்க்காணும் ஐந்து கோரிக்கைகளில் பில்லில் 2 நாள் தீவிர சிகிச்சை எனப் பதிவாகியுள்ளது. செவிலியர் குறிப்புகளிலும் தீவிர சிகிச்சைச் சேர்க்கைப் பதிவேட்டிலும் அதற்கான பதிவைக் காண இயலவில்லை. நான் பார்க்காத ஆவணம் ஏதேனும் இருக்கக்கூடும். சரிபார்த்துத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை இதே போன்ற முரண்பாடுள்ள புதிய கோப்புகளைச் சமர்ப்பிக்காமல் நிறுத்தி வைக்கலாமா என்பதையும், தொடர்புடைய கணினிப் பதிவுகளைப் பாதுகாக்கவும் அறிவுறுத்த வேண்டுகிறேன்."

இக்கடிதத்தில் யாருடைய நோக்கமும் பேசப்படவில்லை. இரண்டு ஆவணங்கள் முரண்படுகின்றன என்பது மட்டுமே இருக்கிறது. அதை யாராலும் அவதூறு என்று கூற இயலாது. பதில் அளிக்க வேண்டிய பொறுப்பும் மேலதிகாரியிடம் சென்றுவிடுகிறது.

"இதையெல்லாம் பார்க்காதீர்கள், அனுப்பிவிடுங்கள்" என்று வாய்மொழியாக உத்தரவு வந்தால், "தங்கள் அறிவுறுத்தலை மின்னஞ்சலில் தந்தால் உதவியாக இருக்கும்" என்று கேட்கலாம். தவறு என்று அறிந்த பதிவில் கையொப்பமிடுவதை மட்டும் எந்நிலையிலும் தவிர்க்க வேண்டும். மேலிடத்து உத்தரவு என்பது பொறுப்பிலிருந்து முழு விடுதலை தராது.

சட்டம் எவ்வளவு காக்கும்?

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 177-ஆவது பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட வேறு சில நிறுவனங்களும் புகார்களைப் பெறும் கண்காணிப்பு ஏற்பாட்டை அமைக்க வேண்டும் என்கிறது. புகார் அளிப்பவர் பழிவாங்கப்படாமல் காப்பதும், உரிய நேர்வுகளில் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுக வழிசெய்வதும் அதில் அடங்கும். எனவே பெரிய மருத்துவமனைக் குழுமங்களின் ஊழியர்கள் முதலில் அந்தக் கொள்கை ஆவணத்தைப் படிக்க வேண்டும்.

அறக்கட்டளைகளும் சிறிய தனியார் மருத்துவமனைகளும் இந்த வரம்புக்கு வெளியே உள்ளன. தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறிய போதிலும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதுவும் அரசு ஊழியர்களின் முறைகேடுகள் குறித்த புகார்களுக்கானதே. ஆகவே சிறிய மருத்துவமனை ஊழியருக்குத் தேதியிட்ட மின்னஞ்சலும் குறிப்பேடுமே முதன்மைப் பாதுகாப்பு. உள்ளே பதில் கிடைக்காவிட்டால், மாநில சுகாதார முகமையிடமோ, 14555 என்ற உதவி எண்ணிலோ புகார் அளிக்கலாம். அதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையைப் பெறுவது நலம்.

நமது எடுத்துக்காட்டில் மேலதிகாரிக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து கோப்புகளையும் தாமே திருத்தி, கூடுதலாகப் பெற்ற ரூ.60,000-ஐத் திருப்பிச் செலுத்தினால் அது திருத்தப்பட்ட பிழையாகக் கருதப்பட வாய்ப்புண்டு. அதையே தணிக்கைக் குழு கண்டுபிடித்தால் அபராதமும், திட்டத்தின் பட்டியலிலிருந்து மருத்துவமனை நீக்கப்படும் நிலையும் ஏற்படலாம். ஊழியரின் கடிதம் இந்த இரண்டாவது நிலை வருவதற்கு முன் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் என்பதை, நேரில் பேசும்போது அவர் எடுத்துச் சொல்லலாம்.