மார்ச் 31-க்குள் தீராத கணக்குகள்

ஒரு சிறிய ஊரில் இருக்கும் பெயிண்ட் கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்த கணக்குதான். ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எந்தக் கடையிலும் வருபவை. மார்ச் 31 அன்று பேரேட்டிலிருந்து இருப்பாய்வு எடுத்தாயிற்று. பற்றும் வரவும் சரியாக நிற்கின்றன. சரக்கை விற்றதில் கிடைத்த மொத்த இலாபம் 6,00,000 ரூபாய். அதிலிருந்து சம்பளம் 1,65,000, காப்பீட்டுப் பிரீமியம் 24,000, வாராக்கடன் 4,000, வாடகை, மின்கட்டணம் போன்ற மற்றவை 1,92,000 என்று கழித்தால் 2,15,000 ரூபாய் நிகர இலாபம் வருகிறது.

இந்த 2,15,000 தவறான தொகை. கூட்டலில் பிழை இல்லை. புத்தகத்தில் எழுதப்பட்டதை மட்டுமே இருப்பாய்வு காட்டும். எழுதப்படாமல் நிற்பது எதுவும் அதற்குத் தெரியாது.

முதலில் சம்பளம். இரண்டு ஊழியர்களுக்கும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய். மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் முதல் வாரத்தில்தான் கொடுப்பார்கள். ஆகவே புத்தகத்தில் இருப்பது பதினோரு மாதச் சம்பளம். உழைப்பு இந்த ஆண்டுக்குக் கிடைத்துவிட்டது, அதனால் செலவும் இந்த ஆண்டுடையது. இலாப நட்டக் கணக்கில் சம்பளத்தோடு 15,000-ஐக் கூட்டி 1,80,000 ஆக்க வேண்டும். கொடுக்க வேண்டிய பாக்கி என்பதால் அதே 15,000 இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புகள் பக்கத்திலும் கொடுபட வேண்டிய சம்பளமாக ஏற வேண்டும்.

காப்பீடு இதற்கு நேர் எதிர். 24,000 ரூபாயை அக்டோபர் 1 அன்று ஓராண்டுக்குக் கட்டியிருக்கிறார்கள். மார்ச் 31 வரை ஆறு மாதம்தான் கழிந்திருக்கிறது. மீதி ஆறு மாதத்துக்கான 12,000 அடுத்த ஆண்டுக்குரிய பாதுகாப்பு. அதை இந்த ஆண்டுச் செலவிலிருந்து கழித்து, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு என்று சொத்துகள் பக்கத்தில் காட்ட வேண்டும். பணம் கட்டிய தேதியை விட்டுவிடுங்கள். எந்த மாதம் வரைக்கும் கட்டியது என்பதை ரசீதில் பாருங்கள். இந்த வகையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை மாதங்களை எண்ணுவதில்தான் நடக்கின்றன.

ஒவ்வொரு சரிக்கட்டுதலும் இரண்டு இடத்தைத் தொட்டதைக் கவனித்திருப்பீர்கள். இருப்பாய்வுக்கு வெளியே இருக்கும் ஒரு விவரத்துக்குப் பற்றும் வரவும் இனிமேல்தான் எழுதப்பட வேண்டும் என்பதே இதற்குக் காரணம். கொடுபட வேண்டிய சம்பளம் என்ற வரி இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால், அதன் இரண்டு பதிவுகளும் ஏற்கெனவே முடிந்துவிட்டன. அப்போது அது இருப்புநிலைக் குறிப்புக்கு மட்டும் போகும். சம்பளத்தோடு மறுபடி கூட்டினால் பிழை. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் மனப்பாடத்துக்கே வேலை இல்லை.

இனி வாராக்கடன். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

கடைக்குக் கடனாளிகள் தர வேண்டியது 2,10,000 ரூபாய். அதில் 10,000 ஒரு ஒப்பந்ததாரருடையது. அவர் வேலையைப் பாதியில் விட்டு ஊரைவிட்டே போய்விட்டார், வசூலாகும் வழி எதுவும் தெரியவில்லை. இது புத்தகத்தில் இன்னும் ஏறாத புதிய வாராக்கடன். மிச்சமிருக்கும் 2,00,000-த்தில் யார் தருவார், யார் இழுத்தடிப்பார் என்று பெயர் சொல்ல முடியாது. ஆனால் நூற்றுக்கு ஐந்து வராமல் போகும் என்பது கடைக்காரரின் அனுபவம். அந்த 10,000 ஐயக்கடன் ஒதுக்கு. எந்த ஆளிடம் பணம் போயிற்று என்று தெரிந்தால் வாராக்கடன். போகும் என்று தெரிந்து, ஆள் தெரியாவிட்டால் ஒதுக்கு.

சென்ற ஆண்டும் இதேபோல 9,000 ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு உண்மையில் கைவிட்டுப் போனது, புத்தகத்தில் ஏறிய 4,000-மும் இப்போது சேரும் 10,000-மும் ஆக 14,000. பழைய ஒதுக்கு 9,000-ஐத் தாங்கிக்கொள்ள, 5,000 குறைகிறது. அதோடு வரும் ஆண்டுக்கான புதிய ஒதுக்கு 10,000 சேர்ந்து, இலாப நட்டக் கணக்கில் பற்று வைக்க வேண்டியது 15,000. இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகள் 2,10,000-லிருந்து வாராக்கடன் 10,000, ஒதுக்கு 10,000 இரண்டும் கழிந்து 1,90,000 ஆக நிற்பார்கள். ஏற்கெனவே இருப்பாய்வில் இருக்கும் 4,000-ஐ இங்கே கழிக்கக் கூடாது. 2,10,000 என்பதே அது கழிந்த பின் உள்ள தொகை.

இப்போது நிகர இலாபம் 2,01,000. முன்பு கண்டதைவிட 14,000 குறைவு. கூடுதல் சம்பளம் 15,000, வாராக்கடன் வகையில் கூடுதலாக 11,000, காப்பீட்டில் குறைந்தது 12,000 என்று பார்த்தால் அந்த 14,000 சரியாக வரும்.

எங்கே பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு பக்கமும் 15,000 வித்தியாசப்பட்டால், சம்பளப் பாக்கியை ஒரே இடத்தில் எழுதி மற்றதை விட்டிருக்கலாம். 30,000 வித்தியாசப்பட்டால், அதைப் பொறுப்புக்குப் பதிலாகச் சொத்துப் பக்கத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் எல்லாப் பிழையும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. புதிய வாராக்கடனைக் கழிக்காமல் 2,10,000-க்கே ஐந்து சதவீதம் கணக்கிட்டால் ஒதுக்கு 10,500 ஆகும். அந்த 500 ரூபாய் இலாபத்தையும் கடனாளிகளையும் ஒருசேரக் குறைப்பதால் இரண்டு பக்கமும் கச்சிதமாகச் சேரும், கணக்கு தவறாகவே இருக்கும். விகிதமே தவறு என்றாலும் இதே கதைதான். பக்கங்கள் சேர்ந்துவிட்டன என்று நிம்மதியடைபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஏப்ரலில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. மார்ச் சம்பளம் 15,000-ஐக் கொடுக்கும்போது, கொடுபட வேண்டிய சம்பளக் கணக்கில்தான் பற்று வைக்க வேண்டும். பழக்கத்தில் புதிய ஆண்டின் சம்பளத்தில் எழுதி, ஆண்டு முடிவில் மறுபடி ஒரு மாதப் பாக்கியைக் கூட்டினால், ஓராண்டுக்குப் பதின்மூன்று மாதச் சம்பளம், 1,95,000 வந்து நிற்கும். ஆண்டுச் சம்பளத்தை மாதச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். பன்னிரண்டு வரவில்லையென்றால், சம்பளம் உயரவோ ஆள் மாறவோ இல்லாத பட்சத்தில், இதுதான் காரணம்.

வருமான வரியில் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். சாதாரண வியாபாரிக்கு ஒதுக்கு கழிவாகாது. புத்தகத்தில் எழுதித் தள்ளிய வாராக்கடன், முன்பு விற்பனை வருமானமாகக் காட்டப்பட்டிருந்தால், கழிவாகும். எழுதித் தள்ளியதே போதும், கடன் உண்மையில் வராது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்திருக்கிறது. எழுதித் தள்ளியதால் கேட்கும் உரிமை போய்விடாது. அந்த ஒப்பந்ததாரர் என்றாவது பணம் கொடுத்தால், அவரது பெயரில் வரவு வைக்காமல் வாராக்கடன் வசூல் என்று அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்க்க வேண்டும், வரியும் உண்டு.

ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒதுக்கின் விகிதத்தைப் போன ஆண்டுக் கணக்கிலிருந்து அப்படியே எடுத்து எழுத விடாதீர்கள். மார்ச் கடைசி வாரத்தில் கடனாளிகள் பட்டியலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பாக்கியும் எத்தனை மாதப் பழையது, கடைசியாக எப்போது பணம் வந்தது என்று பெயர் பெயராகப் பாருங்கள். சம்பளத்தையும் காப்பீட்டையும் கணக்கர் கவனித்துக்கொள்வார். யார் தருவார், யார் தரமாட்டார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.