ஒரு நாள் ஆட்டமும் ஓராண்டு ஆட்டமும்

ஒரு பங்கின் தினசரி வருமானத்தின் திட்டவிலக்கம் 1 சதவீதம் என்று வைப்போம். அமெரிக்கச் சந்தை ஆண்டுக்குச் சுமார் 252 நாள் நடக்கிறது. ஆண்டுக் கணக்குக்கு 252-ஆல் பெருக்குவதில்லை. அதன் வர்க்கமூலத்தால் பெருக்குகிறார்கள். விடை சுமார் 15.9 சதவீதம். ஒரு நாள் ஏறியது இன்னொரு நாள் இறங்கிக் கழிந்துவிடுவதால், நாளுக்கு நாள் கூடுவது திட்டவிலக்கம் அல்ல, அதன் வர்க்கம்.

இது சரியாக வர, இன்றைய நகர்வுக்கும் நாளைய நகர்வுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. (மணி வளைகோடு தேவை என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை.) அதிகம் கைமாறாத சிறு பங்குகளில் செய்தி விலையில் மெதுவாகத்தான் ஏறும், இன்று ஏறியது நாளையும் கொஞ்சம் ஏறும். அந்த ஒட்டுறவு 0.2 என்றால், உண்மையான ஆண்டு அளவு 19.4 சதவீதத்தைத் தொடும். சூத்திரம் ஆபத்தைக் குறைத்துக் காட்டிவிட்டது.

கண்டுபிடிப்பது எளிது. ஐந்து நாள் வருமானங்களை எடுத்துத் திட்டவிலக்கத்தை நேரடியாகக் கணக்கிடுங்கள். தொடர்பில்லாவிட்டால் 2.24 சதவீதத்தை ஒட்டி வரும். நமது பங்கிலோ 2.6 வரும். ஆண்டுக்கணக்கான தரவு கையில் இருந்தால்தான் இந்த வித்தியாசத்தை நம்பலாம். சில மாதத் தரவில் அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.