“கொஞ்சம் லேட் ஆகும் சார்”: அலைபேசிச் செய்தி வங்கிக் கடிதமான கதை

ஒன்பதாம் வகுப்பில் அலுவலகக் கடிதம் நடத்திக்கொண்டிருந்தேன். வழக்கமான தலைப்புகள்தாம்: தெருவிளக்கு, குடிநீர், நூலகம். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கியபடி வந்து, “பேங்குக்கு எழுதறதும் இப்படித்தானா டீச்சர்?” என்று கேட்டாள். அவளுடைய அப்பா சிறிய தையல் கூடம் நடத்துகிறார். நான்கு மிஷின்கள்; ஈரோட்டு மொத்த வியாபாரி ஒருவருக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். ஜூன் மாதத் தவணையைக் கட்ட முடியாமல், கடன் பிரிவு அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது; பதில் வரவில்லை.

அப்பாவிடம் அனுமதி கேட்டு, பெயரையும் கணக்கு எண்ணையும் நீக்கிவிட்டு, அந்தச் செய்திகளை மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்.

“சார் வணக்கம். இந்த மாசம் டியூ கொஞ்சம் லேட் ஆகும்”
“ஈரோட்டு பார்ட்டி இன்னும் பேமெண்ட் போடல. 46 வரணும். 25க்குள்ள தரேன்னு சொல்லிருக்காங்க”
“ஒரு மிஷின் வேற ரிப்பேர்”
“இதுவரைக்கும் ஒரு மாசம்கூட லேட் பண்ணதில்ல, உங்களுக்கே தெரியும்”
“பெரியவளுக்கு காலேஜ் ஃபீஸ் வேற கட்டணும். ரொம்ப கஷ்டம் சார், கொஞ்சம் பாத்து பண்ணுங்க”

இதைக் கடிதமாக்கச் சொன்னதும் பிள்ளைகள் நடையை உயர்த்துவதில் இறங்கினார்கள். ‘கஷ்டம்’ என்பது ‘பொருளாதார நெருக்கடி’ ஆனது. நன்றாக எழுதும் மாணவன் ஒருவன், “தவணையைச் செலுத்த இயலாத நிலையில் உள்ளேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று எழுதியிருந்தான். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அப்பா சொன்னது ‘லேட் ஆகும்’. மாணவன் எழுதியது ‘செலுத்த இயலாது’. தாமதம் என்பது ஒரு மாதச் சிக்கல். இயலாமை என்றால் கடனே திரும்பாது என்று வங்கி அஞ்சும். நடையைச் செம்மையாக்கப் போய்ப் பொருளை மாற்றிவிடுவது இத்தகைய பயிற்சியில் அடிக்கடி நேரும் பிழை. நாம் திருத்தும்போதும் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அடுத்த சிக்கல் ‘கொஞ்சம் பாத்து பண்ணுங்க’. என்ன செய்ய வேண்டும் என்று இதில் இல்லை. வங்கியிடம் மூன்று விதமாகக் கேட்கலாம்: தவணையைச் சில நாள் கழித்துக் கட்ட அவகாசம், இந்த மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி, இந்தத் தவணையைக் கடனின் கடைசிக்குத் தள்ளிவைத்தல். மூன்றும் ஒன்றல்ல. கடைசிக்குத் தள்ளினால் என்ன ஆகும் என்று வகுப்பிலேயே கணக்குப் போட்டோம். கடன் ரூ.2,50,000, ஆண்டு வட்டி 11%, 36 மாதம், தவணை ரூ.8,185. பதினான்கு தவணை கட்டிய பிறகு அசல் பாக்கி ஏறத்தாழ ரூ.1,62,000. இதற்கு ஒரு மாத வட்டி சுமார் ரூ.1,485. தவணை தள்ளிப்போனாலும் வட்டி நிற்பதில்லை. அந்தத் தொகை கடனோடு சேரும்.

எது வேண்டும் என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும். ஆகவே வகுப்பு அவருக்குக் கேள்விகள் எழுதி அனுப்பியது: 10-ஆம் தேதி கையில் எவ்வளவு இருக்கும்? மீதியை எந்தத் தேதிக்குள் உறுதியாகக் கட்ட முடியும்? வரவேண்டிய 46 ஆயிரத்துக்குப் பில் இருக்கிறதா? ஜூலைத் தவணைக்குப் பணம் இருக்குமா? மாலையே பதில் வந்தது. கையில் 3,000, மீதி 30-ஆம் தேதிக்குள், பில் உண்டு, ஜூலைக்குச் சிக்கலில்லை. “கொரோனா சமயத்துல ஆறு மாசம் விட்டாங்களே, அப்படிக் கிடைக்காதா?” என்றும் கேட்டிருந்தார். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக அனுமதி தந்திருந்தது. இப்போது அப்படிப்பட்ட பொது அனுமதி இல்லை. தனிக் கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு.

பிறகு எதை விடுவது என்ற பேச்சு வந்தது. கல்லூரிக் கட்டணத்தை எடுக்கக் கூடாது என்று பலர் வாதிட்டார்கள். அதுதான் மனத்தைத் தொடுகிறதாம். அந்த மாணவியே எழுந்து, “அது எங்க வீட்டு விஷயம், எடுத்துடலாம்” என்றாள். எடுத்தோம். வங்கியின் பார்வையில், தவணைப் பணம் வேறு செலவுக்குப் போகிறது என்றுதான் அது படும். மிஷின் பழுதையும் விட்டோம். தாமதத்துக்கு வராத பாக்கி ஒன்றே போதுமான காரணம், அதற்குச் சான்றும் இருக்கிறது. ‘லேட் பண்ணதில்ல’ என்பதை மட்டும் எண்ணிக்கையோடு மேலே கொண்டுவந்தோம். ‘உங்களுக்கே தெரியும்’ என்பது கடிதத்தில் உதவாது. படிக்கும் மேலாளருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

‘பொருள்’ வரியில் பெரும்பாலோர் ‘கடன் தவணை தொடர்பாக’ என்று எழுதியிருந்தார்கள். ஒரு நாளில் பல கடிதங்களைப் புரட்டுபவருக்கு அந்த வரி எதையும் சொல்லாது. கடைசியில் கடிதம் இப்படி நின்றது:

பொருள்: 2025 ஜூன் தவணையில் ரூ.5,185-ஐ ஜூன் 30 வரை செலுத்த அவகாசம் வேண்டுதல்.

அம்மையீர்,

வணக்கம். தையல் இயந்திரங்கள் வாங்கத் தங்கள் கிளையில் 2024 மார்ச்சில் ரூ.2,50,000 கடன் பெற்றேன் (கணக்கு எண்: …). மாதத் தவணை ரூ.8,185. 2024 ஏப்ரல் முதல் 2025 மே வரை 14 தவணைகளையும் உரிய நாளில் செலுத்தியுள்ளேன்.

ஏப்ரலில் தைத்துக் கொடுத்த துணிகளுக்காக ஈரோட்டு வணிகர் ஒருவர் தரவேண்டிய ரூ.46,000 இன்னும் வரவில்லை. ஜூன் 25-க்குள் தருவதாகக் கூறியுள்ளார். பில் நகல் இணைத்துள்ளேன். ஆகவே ஜூன் 10 அன்று என் சேமிப்புக் கணக்கில் ரூ.3,000 மட்டும் இருக்கும். மீதி ரூ.5,185-ஐ ஜூன் 30-க்குள் செலுத்துகிறேன். ஜூலைத் தவணையை வழக்கம்போல் 10-ஆம் தேதி செலுத்துவேன்.

இந்த அவகாசத்தை அளித்து, அபராதக் கட்டணத்தைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். தங்கள் முடிவை எழுத்து வழியாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

வணிகர் 25 என்று சொல்லியிருக்க, கடிதத்தில் 30 ஏன் என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பிறர் சொன்ன தேதியை நம் வாக்குறுதியாக்கினால், அவர் ஒரு நாள் தவறினாலும் சொல் தவறியவர் நாமாகிவிடுவோம்.

கடைசி வரியை மரியாதைக் குறைவு என்று சிலர் நினைத்தார்கள். அதை நான் விடவில்லை. வாய்மொழியாக “சரி, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டாலும், வங்கியின் கணினியில் தேதி மாறாதவரை தவணை நாளிலிருந்தே பாக்கி நாள்கள் எண்ணப்படும். தொடர்ந்து 90 நாளுக்கு மேல் போனால் அது வாராக்கடன் வகைக்குச் சென்றுவிடும். இருபது நாள் தாமதத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். என்றாலும் அடுத்த கடன் கேட்கும்போது புரட்டப்படும் பதிவில் அது இருக்கும். அதனால் கடிதத்தை இரண்டு படி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிவரச் சொன்னோம். தவணை நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னோம். ஜூன் 4 அன்று கொடுத்தார்.

கிளை மேலாளர் அழைத்துப் பேசினாராம். தவணைத் தேதியை மாற்ற முடியாது, மீதியை 30-க்குள் கட்டலாம், அபராதக் கட்டணம் வரும் என்று கடிதத்தின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஈரோட்டுப் பணம் 27-ஆம் தேதிதான் வந்தது. அன்று மாலையே மீதியைக் கட்டிவிட்டு ரசீதைப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மறுநாள் அவள் அதை வகுப்பில் காட்டினாள். 25-ஆ 30-ஆ என்று கேட்ட மாணவன்தான் முதலில் வாங்கித் தேதியைப் பார்த்தான்.